போகாத பன்னிரண்டாம் தவணை

என் எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் சேர்ந்துவிட்டது. எதையாவது விட்டிருந்தாலும் விட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே அணுமின் நிலையக் குடியிருப்பில் தோட்ட வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு ஏழு லட்சம் வந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பணம் வந்தாலும் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. அந்த ஞாயிறே எழுபதாயிரம் கொடுத்துவிட்டேன். கல்லறைக்கு முப்பதாயிரம் ஆனது. மீதி ஆறு லட்சம். சாப்பாட்டுக்குப் பென்ஷன் வருவதால், அதைப் பேத்தி படிப்புக்கென்று வைக்க நினைத்தேன்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு சின்ன அறை வைத்து மியூச்சுவல் ஃபண்டு போட்டுத் தருகிற பெண் எங்கள் சபைக்காரிதான். அவளிடம் போனேன்.

"மொத்தத்தையும் ஒரே நாள்ல ஷேர் ஃபண்டுல போட்டு, மறுவாரமே மார்க்கெட் இறங்கிச்சுன்னா பயந்துடுவீங்கம்மா. மொதல்ல லிக்விட் ஃபண்டுல போடலாம், அது அவ்வளவா ஆடாது. அதுலேர்ந்து மாசாமாசம் ஏழாந்தேதி அம்பதாயிரம் தானா ஷேர் ஃபண்டுக்குப் போவும். பன்னெண்டு மாசம். இறங்குன மாசம் யூனிட் ஜாஸ்தி கெடைக்கும், ஏறுன மாசம் கம்மி. நஷ்டமே வராதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

நடுவில் அவசரமென்றால் லிக்விட் ஃபண்டில் இருப்பதை எடுக்கலாம் என்று சொல்லி, கொஞ்சம் சீட்டுகளும் கொடுத்தாள். நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனி கவுண்டரில் கொடுத்தால் அடுத்த வேலை நாளில் பணம் பேங்குக்கு வந்துவிடும்.

முதல் மாதம் போனில் செய்தி வந்தது. இங்கிலீஷ் தெரியாது, ஐம்பதாயிரம் என்கிற எண் தெரிந்தது. பணம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பத்தில் ஒன்று ஐயாயிரம். சீட்டை நிரப்பிக் கொடுத்துப் பணம் எடுத்து, கவரில் வைத்து, ஞாயிறு காணிக்கைப் பையில் போட்டேன். அப்படியே பதினோரு மாதம். யாரிடமாவது கேட்டிருக்கலாம். அந்த அறையில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், எனக்கு வாய் வராது.

பன்னிரண்டாவது செய்தியை என் மகன் பார்த்துவிட்டான். மறைமலைநகர் கம்பெனியில் வேலை அவனுக்கு. பணம் போதாததால் தவணை போகவில்லை என்று அதில் இருந்ததாம். அரை நாள் லீவு போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனான். எங்கள் சபைப் பெண்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அங்கே காத்திருந்தார்கள்.

"இன்னாக்கா இது?" என்று ஆரம்பித்தான் மகன். "ஆறு லட்சம் குடுத்தோம். பதினோரு தவணதான் போய்க்கீது. பாக்கி அம்பதாயிரத்துல பதினஞ்சாயிரந்தான் கீதாம். இதுக்குத்தான் ரூம் போட்டு உக்காந்துகினு கீறியா? சபையில அல்லார்கிட்டயும் சொல்றேன். கம்பெனிக்கும் எழுதிப் போடறேன், உன் லைசென்ஸே பூடும் பாரு."

அவள் கணக்கை அச்செடுத்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கணக்கு அம்மா பேர்ல கீது. அவங்க சொல்லட்டும்."

தாளை மகனிடம் நீட்டியிருந்தால் அவள் அப்போதே தப்பித்திருப்பாள். அதைக் கவிழ்த்து வைத்தாள். காத்திருந்த பெண்கள் இரண்டு பேரும் அவளைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அதற்கு மேல் நான் சும்மா இருக்க முடியாது.

"நான்தாண்டா எடுத்தேன். மாசம் அஞ்சாயிரம்."

"இன்னாத்துக்கு?"

"தசமபாகம். மாசாமாசம் அம்பதாயிரம் வந்துச்சில்ல."

"யம்மா! எங்க வந்துச்சு? உன் பணம் இந்த ஃபண்டுலேர்ந்து அந்த ஃபண்டுக்குப் போச்சு, அவ்ளோதான். அதுக்குத்தான் மொதல்லயே எழுபதாயிரம் குட்த்துட்டியே!"

"பாஸ்டருக்கு இந்த வருசம் நல்ல அறுவட" என்றாள் காத்திருந்தவர்களில் ஒருத்தி. இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன பதினொண்ணுக்கும் ஒண்ணும் ஆவல, அது அங்கயே கீது. பன்னெண்டாவதுக்குத்தான் லிக்விட்ல பணமில்ல. அம்மா எடுத்தது அம்பத்தஞ்சாயிரம்; லிக்விட்ல வட்டி மாதிரி இருபதாயிரம் சேந்ததாலதான் பதினஞ்சாயிரமாவது மிஞ்சிச்சு" என்றாள் ஃபண்டு போட்டுத் தந்தவள். "மாசாமாசம் எடுக்கறதப் பாத்தேன், வூட்டுச் செலவுன்னு நெனச்சேன். கேட்டிருக்கணும்."

சபையில் திருப்பிக் கேட்கலாம் என்றான் மகன். வேண்டாம் என்றேன், கொடுத்ததைக் கேட்க மாட்டேன். மீதிப் பதினைந்தாயிரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது. படி இறங்கினதும், மேலே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்றேன். போனான். என்ன சொன்னானோ, எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்று, அவள் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, எடுத்தது நான் என்று சொன்னேன். பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் எழுதியும் வைக்கிறேன். இந்த ஃபண்டு விவரம் தெரிந்தவர்கள் யாராவது தேதியையும் தொகையையும் ஒரு தரம் சரிபார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.