வெட்டுக்காட்டில் முடிவெட்டு

ரப்பர் மரம் சீவி முடித்தால், பால் வடிந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் முடி வெட்டினேன். காலி வாளியைக் கவிழ்த்து ஆளை உட்கார வைப்பேன். கழுத்தில் கோணிச் சாக்கு. சவரக்கத்தியைப் பால்வெட்டுக் கத்தி தீட்டும் கல்லிலேயே தீட்டிக்கொள்வேன்.

கம்யூனிஸ்ட் கலவரம் வந்தபின் பெடாஸ் டவுனிலிருந்து வந்துகொண்டிருந்த நாவிதர் நின்றுவிட்டார். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. வேலை நாளில் வேறு நேரம் கிடையாது.

ஒரு நாள் ஒருவனுக்குப் பாதித் தலைதான் ஆகியிருந்தது. பால் எடுக்கத் தகரம் தட்டிவிட்டார்கள். அவன் அப்படியே ஓடினான். பால் நிறுக்கும் இடத்தில் வேலையை மேற்பார்க்கும் தண்டல் பார்த்துவிட்டார்.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். மேசைமேல் துப்பாக்கி. பக்கத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர்.

"என் சம்பளம் வாங்குறது. வேற வேலை செய்றது. ஏன்?" என்றார் துரை. அவருக்குத் தமிழ் அவ்வளவுதான்.

"பால் வடியிற நேரத்துலதாங்க, துரை."

"எங்க வெட்டுறது?"

"காட்டுல."

"யாருக்கு?"

"காட்டு ஆளுங்களுக்குத்தான்."

துரை முகம் சிவந்தது. டெலிபோனைக் கையில் எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பால்வெட்டும் இடத்தைத்தான் காடு என்போம். அவருக்குக் காடு என்றால் துப்பாக்கிக்காரர்கள் ஒளிந்திருக்கும் காடு. போலீஸ் வந்தால் லாக்கப். பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள். பெண்டாட்டி பிள்ளை லயத்தில் இருந்தார்கள்.

"ஐயா, வெட்டுக்காடுன்னு சொல்லுங்கய்யா" என்றேன் கிராணியிடம்.

"நீ எங்க போறாய், ஆருக்கு வெட்டுறாய், எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார். "அம்பட்டன் வேலை பாக்கிறவனுக்கு நான் சாட்சியோ?"

பத்து வருசம் விடியற்காலைப் பெரட்டில் எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டவர். எந்தக் காடு என்று தெரியாதவரில்லை.

நான் கிராணியின் தலையைக் கைகாட்டித் துரையிடம் சொன்னேன். "கிராணி ஐயா தலையைப் பாருங்க, துரை. போன ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுப் பின்கட்டுல நான் வெட்டினது. நான் துரோகின்னா என் கத்திக்கு ஏன் கழுத்தக் குடுத்தாரு?"

துரை திரும்பி அவர் பிடரியைப் பார்த்தார். கிராணியின் கை தானாகப் பிடரிக்குப் போனது. பிறகுதான் அவர் வாயிலிருந்து இங்கிலீசு வந்தது. ரப்பர், ரப்பர் என்று வேகமாக வந்தது. துரை டெலிபோனைக் கீழே வைத்தார்.

கத்தியையும் முடிவெட்டும் மிஷினையும் பிடுங்கிக்கொண்டார்கள். "இனி வெட்டினா வேலை இல்ல. போ."

வாசலில் கிராணி பின்னால் வந்தார். "காடு காடு எண்டு சொன்னியே. நாளைக்குப் போய்ப் பார்."

மறுநாள் பெரட்டில் என் பேருக்குப் புது மரநிரை. எஸ்டேட் எல்லை. கடைசி மரத்துக்கு அந்தப் பக்கம் நிஜக் காடு. அங்கே தனியாக மரம் சீவினேன். பால் வடியும்வரை காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

கிராணிக்கு முடி காதுவரை வளர்ந்தது. என்னிடம் வரவில்லை. நானும் கத்தியைத் திருப்பிக் கேட்கவில்லை.