பரிசத்தன்று கார்டு ரீடர்

பரிசத்துக்கும் பிறந்தநாளுக்கும் படம் பிடிப்பது என் பிழைப்பு. அன்று மலேசியாவில் கெமாஸ் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பரிசம். பெண்ணின் அப்பா அங்கேயே செம்பனை ஆலையில் வயர்மேன். மாப்பிள்ளையின் அம்மா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். புடவையில் பெண்ணைப் பார்த்த பிறகுதான் தட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீடியோ கால் போட்டால் லைன் அறுந்துகொண்டே இருந்தது.

"கூலி குடுத்து கேமரா வெச்சிருக்கோம், போன்ல எடுத்த மங்கல் படமா அனுப்புறது? நல்லதா ரெண்டு அனுப்பும்மா," என்றார் பெண்ணின் அப்பா.

என் கேமரா பழசு, வைஃபை கிடையாது. கார்டைக் கழற்றி ரீடரில் செருகினேன். அதை போனோடு இணைக்கும் குட்டி அடாப்டரை எடுத்த நேரத்தில் என் போன் செத்துவிட்டது.

"என் போன்ல போடுலா," என்று அவர் ரீடரையும் அடாப்டரையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அதே கார்டில் இந்தப் பெண்ணின் பட்டமளிப்பில் நான் எடுத்த படங்களும் இருந்தன. அன்று அவளோடு ஒரு பையன் நின்றான்; இந்த மாப்பிள்ளை அல்ல. தன் பட்டத் தொப்பியை அவன் தலையில் வைத்துவிட்டு, அவன் தோளில் சாய்ந்துகொண்டு எடுக்கச் சொன்னாள். என்னைக் காட்டச் சொல்லிப் பார்த்தவள், "அக்கா, இது மட்டும் வேணாம், அழிச்சிருங்க. அப்பா பார்த்தா அவ்வளவுதான்," என்றாள். சரி என்று தலையாட்டினேன். மறந்தும் போனேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

கார்டு அவர் கையில். பதற்றத்தில் வாய்க்கு வந்ததை உளறினேன்.

"அண்ணே, வேணாம். இது கரண்ட் ரொம்ப இழுக்கும். உங்க போன் கெட்டுரும்."

முழுப் பொய் அல்ல. வீட்டில் என் ஹார்ட் டிஸ்க்கை போனில் போட்டபோது அது சுழலத் தெம்பில்லாமல் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. போனும் அதிக மின்சாரம் இழுக்கிறது என்று எச்சரித்துத் துண்டித்துவிட்டது. ஆனால் நான் கதை விட்டது ஒரு வயர்மேனிடம்.

அவர் சிரித்தார். உள்ளே போய், கரண்ட் அளக்கும், கட்டைவிரல் அளவு மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். போனில் அடாப்டர், அடாப்டரில் மீட்டர், மீட்டரில் ரீடர். சின்னத் திரையில் எண்கள் எரிந்தன.

"பாரு, அஞ்சு வோல்ட், பாயின்ட் சீரோ நைன் ஆம்ப். தொண்ணூறு மில்லிதான். ஹார்ட் டிஸ்க்னா ஐநூறு, அதுக்கு மேலயும் கேக்கும், போன் தாங்காது. இத ஒரு மணி நேரம் சொருகி வெச்சாலும் பேட்டரி ரெண்டு மூணு பர்சென்ட்தான் இறங்கும்."

பாடம் எடுப்பவர்போல் அக்கறையோடு விளக்கினார். கூடம் நிறைய மாப்பிள்ளை வீட்டார், வாசலை அடைத்து நாற்காலிகள். எங்கே போவது? ரீடரைப் பிடுங்கினால் சந்தேகம் வரும். பிடுங்காவிட்டால் படம் வரும். பக்கத்தில் நின்று அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படங்கள் திறக்கத் திறக்க மீட்டரில் எண் கொஞ்சம் ஏறியது. பழைய படங்கள்தான் முதலில் வந்தன. கறுப்பு அங்கி, மேடை, பூங்கொத்து. அப்புறம் அந்தத் தொப்பி.

கட்டைவிரல் நின்றது. அவர் படத்தைப் பெரிதாக்கி மகளின் முகத்தைப் பார்த்தார். பையனையும் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு ஆலையில லீவு கிடைக்கல, நான் வரல," என்றார் மெதுவாக. பிறகு அந்தப் படத்தை அழுத்திப் பிடித்தார். அழிக்கவா என்று போன் கேட்டது. அழித்தார்.

கீழே தள்ளி, புடவையில் இருக்கும் மகளின் படங்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரீடரை முறைப்படி வெளியேற்றி, கழற்றி, கார்டை என் உள்ளங்கையில் வைத்தார். போனில் பதில் வந்ததும் கூடத்தைப் பார்த்து, "பார்த்துட்டாங்களாம். தட்ட மாத்தலாம்," என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

கார்டைக் கேமராவில் போட்டுக்கொண்டு பெண்ணருகே போனேன். அவள் முந்தானையைச் சரிசெய்வதுபோல் குனிந்து கேட்டாள்.

"அக்கா, அப்பா உங்க கார்டையா பார்த்தாங்க? அந்தப் படத்த அன்னைக்கே அழிச்சிட்டீங்கதானே?"

அப்பாவுக்குத் தெரியும் என்று இரண்டே சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் எழுந்து ஏதாவது பேசியிருப்பாளோ என்னவோ. எனக்கு வெட்கம், பயம், கூலி வாங்க வந்தவள் என்ற நினைப்பு வேறு.

"அழிச்சாச்சு," என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். "அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா இந்தப் பரிசத்தையே நிறுத்தியிருப்பாங்கக்கா," என்றாள். எதிரே அவள் அப்பா தட்டை இரண்டு கையாலும் தூக்கி, மாப்பிள்ளை வீட்டாரிடம் நீட்டினார். நான் படம் எடுத்தேன்.