நாற்பது வாட்டா, நானூறு வாட்டா

அப்போது நான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். தட்டச்சில் ஹையர் தேறியவன் என்ற தலைக்கனம் கொஞ்சம் உண்டு. சென்னைப் பொருட்காட்சியில் கடை பிடிக்கக் கடிதம் எழுது என்று தலைவர் சொன்னதும், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்துத் தள்ளினேன். காஞ்சிப் பட்டின் பெருமை, சங்கத்தின் தொண்டு, பொருட்காட்சி சிறக்க வாழ்த்து எல்லாம் அதில் இருந்தன. தலைவர் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் பதில் வந்தது. வாழ்த்துக்கு நன்றி, தங்களுக்கு வேண்டியது என்ன என்று தெரிவிக்கவும்.

தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இன்னாப்பா, கடை வேணும்னு எழுதவே இல்லியா?"

இரண்டாவது கடிதத்தைத் தமிழில் நாலே வரியில் முடித்தேன். கடையின் நீள அகலம் என்ன, வாடகை எவ்வளவு, முன்பணம் எப்போது கட்டவேண்டும், மின்சாரம் உண்டா?

இம்முறை விண்ணப்பப் படிவமும் விவரத் தாளும் வந்தன. கடை பத்தடிக்குப் பத்தடி. வாடகையில் பாதியை விண்ணப்பத்தோடு டிராஃப்டாக அனுப்பவேண்டும். நாற்பது வாட் டியூப் லைட் ஒன்று வாடகையில் அடக்கம். கூடுதல் விளக்கு வேண்டுமானால் மொத்தம் எத்தனை வாட் என்று முன்கூட்டியே எழுதவேண்டும், அதற்குக் கட்டணம் தனி.

"டியூப் லைட்டே போதும்பா, பளிச்சுனு இருக்கும்" என்றார் தலைவர்.

சாயம் தோய்த்த பட்டைக் கொண்டுவந்திருந்த சாயக்காரர் திடுக்கிட்டார். "என் அரக்குச் சிவப்பை டியூப் லைட்டுல காட்டாதீங்க தலைவரே. துருப்பிடிச்ச தகரம் கணக்கா தெரியும்."

தலைவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம் மூவரும் ஓர் அரக்குப் புடவையோடு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த காப்பி ஹோட்டலுக்குப் போனோம். டியூப் லைட்டுக்குக் கீழே மேசையில் புடவையை விரித்தோம். நிறம் செத்துக் கிடந்தது. கல்லாவுக்கு மேலே எரிந்த குண்டு பல்புக்கு அடியில் தூக்கிப் பிடித்ததும் தகதகவென்று ஜொலித்தது.

"புடவை நல்லாத்தான் இருக்குது சார். வந்தவங்க ஆளுக்கு ஒரு காப்பியாச்சும் சொல்லுங்க" என்றார் முதலாளி.

மறுநாள் விண்ணப்பத்தில் 'நூறு வாட் பல்பு நான்கு, மொத்தம் நானூறு வாட். டியூப் லைட்டை எடுத்துவிடவும்' என்று எழுதி, டிராஃப்டோடு அனுப்பினேன். பல்புகளுக்குத் தனிக் கட்டணம், டியூப் லைட்டை எடுக்க இயலாது, வேண்டாவிட்டால் அணைத்து வைத்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு கடை எண் வந்தது.

பொருட்காட்சியில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு நான்கு பல்பையும் எரியவிட்டதில் எங்கள் கடை அடுப்பாகக் கொதித்தது. தலைவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆனால் முதல் நாளே அரக்கு ஐந்து போயின. இரண்டாம் நாள் ஓர் அம்மாள் மயில்கழுத்து நிறப் புடவையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா நிறம்பா? பாசி மாதிரி இருக்குது."

மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் எடுபடாது என்பதைச் சாயக்காரர் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. நான் எட்டிப் பல்புகளை அணைத்து, டியூப் லைட்டைப் போட்டேன். மயில்கழுத்து மின்னியது. அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டுதான் போனார்.

அன்றிலிருந்து ஹையர் தேறிய எனக்குக் கடையில் ஒரே வேலைதான். தலைவர் "அரக்கு!" என்றால் பல்பு, "மயிலு!" என்றால் டியூப் லைட்.