சில்வர் ஓக் மரத்தில் வந்த ஓடிபி

பக்கத்துத் தோட்டக்காரரின் மகளுக்குக் கலந்தாய்வில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அதை உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். என் வீட்டில் கம்பி வழி இணையம் உண்டு. செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. அதனால் அவளும் நானும் கணினி முன் உட்கார, அவள் அப்பா செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறினார். எங்கள் மலையில் சிக்னல் பிடிப்பது இப்படித்தான்.

உறுதி செய்ய அவர் செல்போனுக்கு வரவேண்டிய ஓடிபி எண் வரவில்லை. அவள் ‘மீண்டும் அனுப்பு’ என்பதை அமுக்கினாள். பொறுக்காமல் மறுபடியும் அமுக்கினாள். அப்போதுதான் மேலிருந்து ஓர் எண் கத்தலாக வந்தது. அடித்தோம். தவறான எண் என்றது திரை.

“ஏனுங்க, பாத்துத்தானுங்க படிச்சேன்!”

“நீங்க படிச்சது சரிதாங்க. உங்க மக புதுசு கேட்டதும் பழசு செத்துப்போச்சு. கண்ணு, கையை எடு.”

ஒரே மனுவை மூன்று முறை கொடுத்து மூன்றையும் தாமதமாக்கியவர்களை, நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் நிறையப் பார்த்தவன் நான்.

மிச்ச இரண்டு எண்களும் நேரம் கடந்து, காலாவதியான பிறகே ஒன்றாக வந்து சேர்ந்தன. அவரை இன்னும் மேலே ஏறச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு முறை கேட்டோம். உடனே வந்தது. அவர் கத்தக் கத்த அவள் அடித்தாள், இடம் உறுதியானது.

“அப்பா, ஆயிருச்சு! இறங்குங்க!”

“இரு சாமி, சிக்னல் இருக்கறப்பவே உங்க மாமனுக்குச் சொல்லீட்டு வாரேன்.”