மூன்று மொழிக்கு மூன்று குறி

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு, போடிக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு எதற்கும் உதவவில்லை. மாமியாரைக் கேட்டால், ரசம் வைக்கத் தெரிந்திருந்தாலாவது புண்ணியம் உண்டு என்பார்.

எழுபதுகளின் கடைசியில் அதற்கும் ஒரு வேளை வந்தது. ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் மாமா ஒருவர், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மூன்றிலும் விளம்பரத் தாள் அடிக்கச் சொல்லி வீட்டு முன்கட்டில் என் வீட்டுக்காரர் நடத்திய அச்சகத்துக்கு வந்தார். தாள் தேறினால் அவருடைய பெட்டி லேபிள் முழுக்க எங்களுக்கு, இல்லையென்றால் சிவகாசிக்கு.

பம்பாயில் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்த பிரதியில், சரக்கின் பெயருக்கு முன்னும் பின்னும் ஒரே நேர் மேற்கோள்குறிதான். பாவம், அந்த மிஷினில் வேறு கிடையாது. அண்ணன் வேலை பார்க்கும் புதுச்சேரி அச்சகத்தில் மூன்று மொழித் தாள்களுக்கும் பிழை திருத்திப் பழகியவள் நான்; சிவப்பு மையால் திருத்தினேன். பிரெஞ்சுக்கு « » என்று கோணக்குறி, உள்பக்கம் சின்ன இடைவெளியோடு. ஸ்பானிஷுக்கும் அதே குறி, இடைவெளி இல்லாமல். ஜெர்மனுக்குத் தொடக்கத்தில் இரண்டு கமா அடியில், முடிவில் இரண்டு கமா தலைகீழாக மேலே.

கோணக்குறி ஈய அச்சுகளைப் புதுச்சேரியிலிருந்து என் அண்ணன் இரவல் வாங்கி வந்தார். கொஞ்சம்தான். வீட்டுக்காரருக்கோ அவசரம். பிரெஞ்சையும் ஸ்பானிஷையும் சேர்த்தே கோத்தார், பாதி ஸ்பானிஷில் கோணக்குறி தீர்ந்தது. மீதி இடத்தில் இங்கிலீஷ் மேற்கோள்குறியைச் சொருகிவிட்டு, புரூஃபைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். பந்தியில் பாதிப் பேருக்குப் பாயசம், பாதிப் பேருக்கு மோர்.

பிரெஞ்சை முதலில் அடித்துவிட்டு, அச்சைக் கலைத்து அதே குறிகளை ஸ்பானிஷுக்கு எடுங்கள் என்றேன். அவருக்கு ரோஷம் வந்தது. வெள்ளைக்காரன் காயை மோந்து பார்ப்பானா, கமாவை எண்ணுவானா என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமாவும் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டவர், தகராறே வேண்டாம், மூன்றிலும் ஒரே குறியாகப் போட்டுவிடு என்றார். வீட்டுக்காரர் முகத்தில் விளக்கு எரிந்தது. லேபிளும் போய்விடுமோ என்று எனக்குப் பயம்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“மாமா, நீங்க ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு தரம் அனுப்புறீக. ஒரே மூட்டைக்குள்ள ரெண்டு தரம் கலப்பீகளா?”

மாமா என்னையும் புரூஃபையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்பானிஷ் தாளைக் கையில் எடுத்தார். ஓர் எழுத்தும் புரியாதவர், குறிகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். குறி மாறிய இடத்தில் விரல் நின்றது.

வீட்டுக்காரர் அச்சைக் கலைக்கப் போனார். புதிய தாளை வாங்கிக்கொண்ட அன்றே மாமா லேபிள் வேலையையும் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைக் காட்டி வீட்டுக்காரரிடம் சொன்னார்:

“அடிக்கிறது நீயி மாப்ளே. தரம் பாக்குறது ஆத்தா. அது பாக்காம ஒரு தாளும் வெளிய போவக் கூடாது.”

உள்ளே மாமியார் காதில் விழட்டும் என்று, என்ன சொன்னீர்கள் மாமா என்று இன்னொரு தடவை கேட்டேன்.