‘ரெக்ரூட்மென்ட்’டுக்கு நான் எழுதிய பொருள்

என் தங்கை கடல் உயிரியல் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். வெளிநாட்டுப் படிப்புக்கு முதலில் விண்ணப்பம் போட்டவள் நான். இடம் கிடைத்தும் போக முடியாமல், தூத்துக்குடியிலேயே ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அவள் விமானம் ஏறிய அன்று எனக்கு வயிறு எரிந்தது. என்னை நம்பித்தான் அங்கே படிக்கிறாள் என்பது மட்டுமே ஆறுதல்.

பாடப்புத்தகத்தில் புரியாத பத்தியைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். முழ நீள வாக்கியத்தை வெட்டி, வரிக்கு ஒரு செய்தியாக எளிய ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். கலைச்சொற்களில் மட்டும் கை வைக்க மாட்டேன். பரீட்சையில் அதே சொல்தானே வரும். அவற்றைக் கீழே பட்டியல் போட்டு, எதிரே தமிழில் பொருள் எழுதுவேன். ‘ஆய்ஸ்டர் பெட்’ என்றால் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் சிப்பிப் பார், இப்படி.

ஒருநாள் முத்துக்குளிப்பு பற்றிய பத்தி வந்தது. ‘ரெக்ரூட்மென்ட்’ பொய்த்ததால் முத்துக்குளிப்பு நின்றுபோனதாம். முத்துக் குளிக்க ஆள் சேர்த்த கதை எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? யோசிக்கவே இல்லை. ‘குளிக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் முத்துக்குளிப்பு நின்றது’ என்று ஆங்கிலத்தில் எழுதி, பட்டியலில் ‘ஆள்சேர்ப்பு’ என்று போட்டேன்.

மறுநாள் போன் செய்தாள்.

“அக்கா, ரெக்ரூட்மென்ட்னா ஆள் எடுக்கது இல்லையாம். புதுசா பொறந்த சிப்பிங்க வளந்து கூட்டத்தோட சேருததாம். எங்கூட ரூம்ல இருக்க யாழ்ப்பாணத்து அக்கா சொல்லுதா. நல்லவேளை, கட்டுரையில எழுததுக்கு முந்தி பாத்துட்டா.”

தப்பு என்னுடையதுதான். ஆனால் அதைவிட, அவள் வாயில் வந்த அந்த இன்னொரு ‘அக்கா’தான் சுருக்கென்று தைத்தது.

“அப்ப இனிமே அவகிட்டயே கேளேன்ளா,” என்றேன்.

“கேட்டுட்டுதான் இருக்கேன்,” என்றாள் வெள்ளந்தியாக.

அடுத்த பாடத்தை அந்தப் பெண்ணே எளிமையாக்கியிருந்தாள். ‘சும்மா ஒருதரம் பாருக்கா’ என்று தங்கை எனக்கு அனுப்பினாள். என் வாக்கியங்களைவிடச் சின்ன வாக்கியங்கள், தெளிவும் கூட. பொறுக்கவில்லை. ஒரு பிழையாவது கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.

கிடைத்தது. சிப்பி பாறையைப் பற்றிக்கொள்ளும் நாருக்கு ‘பைஸஸ்’ என்று பெயர். அந்தச் சொல் வந்த இடமெல்லாம் வெறும் ‘நூல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்தாள். பட்டியலிலும் பைஸஸ் இல்லை. கேள்வித்தாளில் பைஸஸ் என்று வந்தால் தங்கை திருதிருவென்று முழிப்பாள்.

எல்லா இடத்திலும் வட்டம் போட்டு, ‘பைஸஸ்: பற்று நார்’ என்று பட்டியலில் சேர்த்து உடனே அனுப்பினேன். அன்றைக்கு முழுக்க வகுப்பில் சிரித்த முகமாகவே இருந்தேன்.

சாயங்காலம் பதில் வந்தது.

“அதை அந்த அக்காவே காலையில பாத்து மாத்திட்டா. நாந்தான் பழசை அனுப்பிட்டேன். இனிமே நீ கஷ்டப்படாண்டாம்க்கா.”