குங்குமத்துக்குக் கீழே இருந்த வரி

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் பிரெஞ்சு மண்ணில், ரூ லூயி-பிளாங் தெருவில் சேலைக்கடை வைத்து, லா சப்பல் தமிழரின் பாதிக் கல்யாணத்துக்குக் கூறைச் சேலை கொடுத்தவன். என் முன்னால் வாய் திறப்பவர்கள் குறைவு. திறந்தவள் துஷாந்தி. அதனால்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

ஊரில் கோப்பாய்க்காரி. ஓட்டல் அறைகளைத் துடைத்துக்கொண்டே பிரெஞ்சு படித்தவள். இப்போது ஒரு போன் கடையின் மூலையில் மேசை போட்டு, நம்மவர் கொண்டுவரும் கடிதங்களை மொழிபெயர்க்கிறாள்.

போன மாரியில் மேல்வீட்டுக் குழாய் வெடித்தது. என் நிலவறைக் கூரையால் தண்ணீர் ஒழுகிக் கூறைச் சேலைகள் நாசமாயின. காப்புறுதிக் கொம்பனி அனுப்பிய ஆள், நிலவறைச் சரக்குக்குக் காப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

விடுவேனா நான்? ஒப்பந்தத்தின் விபரப் பக்கத்தைப் படம் பிடித்துத் துஷாந்தியின் போனுக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போய் நின்றேன். அவள் எழுதித் தந்தாள். நீர்ச்சேதத்துக்குக் கொம்பனி தரும் உச்ச வரம்பு முப்பதாயிரம் யூரோ. ஒவ்வொரு சேதத்திலும் முதல் ஐந்நூறு என் தலையில். காப்பில் சேராதவை: நிலவறையில் வைத்த சரக்கு... அதற்குப் பிறகு, ‘படத்தில் கறை, வாசிக்க முடியவில்லை’.

கறையாம். வருசப்பிறப்புக்கு ஒப்பந்தத்தில் நான் வைத்த குங்குமப் பொட்டு அது.

“அதிலை காப்பு உண்டு எண்டு போடு பிள்ளை. ஆர் பாக்கப்போறான்?”

“பொட்டுக்குக் கீழை என்ன இருக்கெண்டு பிள்ளையாருக்குத்தான் தெரியும், அண்ணை. எனக்குத் தெரியாததை எழுத மாட்டன்.”

“நான் ஆர் எண்டு தெரியுமே?”

“ஓம், பொட்டு வைச்ச ஆள்.” அவள் தலை நிமிரவில்லை. “வசனம் இன்னும் முடியேல்லை. காப்புறுதி எடுத்துத் தந்த முகவரிட்டைப் புதுப் பிரதி கேளுங்கோ. அதுவரைக்கும் ஒண்டிலும் கையெழுத்து வையாதேங்கோ.”

கோபம்தான். என்றாலும் கேட்டேன். புதுப் பிரதியில் அந்த வரி முழுதாக இருந்தது: நிலவறையில், தரையிலிருந்து பத்து சென்ரிமீற்றருக்கும் குறைந்த உயரத்தில் வைத்த சரக்கு மட்டுமே காப்பில் சேராது.

துஷாந்தி என்னைப் பார்த்தாள். “எங்கை அண்ணை வைச்சிருந்தனீங்கள்?”

“கூறையை ஆராவது நிலத்திலை வைப்பானே? இரும்புத் தட்டிலை, முழங்கால் உயரத்துக்கு மேலை.”

அந்த வரியைக் காட்டிக் கேட்டதும் கொம்பனிக்காரன் திரும்ப வந்தான். “அளந்து பார்” என்றேன், பிரெஞ்சிலேயே. அளந்தான். சேதம் வரம்புக்குள் நின்றதால், அந்த ஐந்நூறை மட்டும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள்.

“இனிப் பொட்டை மூலையிலை வையுங்கோ” என்று துஷாந்தி சொன்னாள். நானாவது கேட்பதாவது. இந்த வருசமும் புது ஒப்பந்தத்தில் நட்ட நடுவில்தான் பொட்டு வைத்தேன். படம் எடுத்து அவளுக்கு அனுப்பிய பிறகு.